கரையோரப் படத்தில் முள் எது, பூ எது?

மண்டபம் பக்கம் கடல் வற்றியிருக்கும் நேரத்தில், பாறைக் குட்டை ஒன்றைப் படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். கடற்புல்மேல் செங்குமிழ்கள் புடைத்த ஒரு நட்சத்திர மீன், மணலில் கறுத்த உருளை ஒன்று, பாறை இடுக்கில் ஒரு முள்பந்து. மூன்றும் ஒரே தொகுதியைச் சேர்ந்த உயிர்கள்தான், ஆனால் கைக்குச் செய்யும் தீங்கு வேறு வேறு.

நட்சத்திர மீனில் முதலில் கைகளை எண்ணுங்கள். ஐந்து கைகளும் மழுங்கிய குமிழ்களும் இருந்தால் அது மனிதருக்குக் கேடு செய்யாது. தண்ணீரிலிருந்து தூக்கினால் கேடு அதற்குத்தான். கைகள் பத்துக்கு மேல் இருந்து, உடலெங்கும் கூரிய முட்கள் நின்றால், அது பவளப்பாறைகளில் வாழும் முட்கிரீட நட்சத்திர மீன். அதன் முட்களில் நஞ்சு உண்டு.

மணலில் கிடக்கும் உருளை கடல் அட்டை. கறுத்த உடலில் மணல் ஒட்டியிருக்க, நடுநடுவே மணல் இல்லாத வட்டங்கள் தெரிந்தால் அது மிகப் பரவலான ஓர் இனம். அதைத் தேய்த்தால் சிவப்புச் சாயம் கசியும். வேறு சில அட்டைகள் சீண்டினால் பின்புறமாக வெள்ளை நூல்களைப் பீய்ச்சும். தோலில் அவை ஒட்டிக்கொள்ளும். அட்டையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்ப்பதுதான் பெரிய ஆபத்து, அதன் நஞ்சு கண்ணைக் கடுமையாகத் தாக்கும். போதாததற்கு, இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டை பிடிப்பதற்குத் தடை இருக்கிறது.

நான் அதிகம் அஞ்சுவது இடுக்கில் இருக்கும் கடல் முள்ளெலியைத்தான். முட்கள் உடலைவிட நீளமாக, கறுப்பாக, ஊசிபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். படத்தைப் பெரிதாக்கினால் உடலில் ஐந்து வெள்ளைப் புள்ளிகளும், நடுவே கண்போல் ஓர் ஆரஞ்சு வளையமும் தெரியலாம். பகலில் இடுக்கில் பதுங்கி, இரவில் மேய வெளியே வரும் இனம் இது. உட்குழிவான அந்த முள் எளிதில் உடையும். காலில் ஏறியதும் துண்டாகி உள்ளேயே தங்கிவிடும். குட்டை முள் என்றால் பயமில்லை என்றும் நினைக்க முடியாது. இந்தோ-பசிபிக் கடல்களின் மலர் முள்ளெலிக்கு முட்கள் குட்டை. அவற்றின் நடுவே விரிந்திருக்கும் சிறு பூக்களெல்லாம் நஞ்சுள்ள இடுக்கிகள். படத்தில் முள்பந்தின்மேல் பூ தெரிந்தால் விலகுவதே சரி.

முள் குத்திவிட்டால் வெளியே தெரியும் துண்டுகளை மட்டும் இடுக்கியால் நேராக இழுக்கவும். தோண்டவோ நசுக்கவோ வேண்டாம். பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் காலை வைத்திருந்தால் வலி தணியும். சூட்டைக் காயமில்லாத கையால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கும் கால் சூட்டைச் சரியாக உணராது. குத்திய இடத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தால் எல்லாமே முள் அல்ல, முள்ளின் சாயமாகவும் இருக்கலாம். சாயம் ஓரிரு நாளில் மங்கிவிடும். அதற்குப் பிறகும் புள்ளி அப்படியே இருந்தால் முள் உள்ளே இருக்கிறது, மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டருகே குத்தினாலோ மூச்சுத் திணறினாலோ அந்த இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.