எண்பது சதவீதம் வாங்கினால் நூறும் கணக்கில்

ஒரு மசாலா கம்பெனியின் 80 சதவீதப் பங்குகளை இன்னொரு கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் மசாலா கம்பெனியின் நிகரச் சொத்து 60 கோடி. ஆனால் பழைய விலையில் எழுதிவைத்த நிலம் இன்று 10 கோடி கூடுதலாகப் போகும். ஆகவே, வரியை இப்போதைக்கு விட்டுவிட்டால், நிகரச் சொத்து 70 கோடி. இந்த மறுமதிப்பீட்டை மறந்தால் நற்பெயர், அதாவது குட்வில், ஊதிப்போகும்.

அடுத்த சறுக்கல், 70 கோடியில் 80 சதவீதத்தை மட்டும் சேர்ப்பது. கடிவாளம் வாங்கியவர் கையில் இருப்பதால் ஒருங்கிணைந்த கணக்கில் முழு 70 கோடியும் ஏறும். விற்காத பங்குதாரர்களின் 20 சதவீதம், அதாவது 14 கோடி, மூலதனப் பகுதியில் 'கட்டுப்பாடற்ற பங்கு' என்று தனி வரியாக நிற்கும். அது கடன் அல்ல.

இனி கணக்கு எளிது: கொடுத்த 80, மற்றவர் பங்கு 14, மொத்தம் 94, அதில் 70 போனால் நற்பெயர் 24 கோடி.

மற்றவர் பங்கைச் சந்தை மதிப்பிலும் எழுதலாம். இந்தியாவின் இண்ட் ஏஎஸ் 103 விதி இரண்டையும் அனுமதிக்கிறது. 80 சதவீதத்துக்கு 80 கோடி என்றால் 20 சதவீதத்துக்கு 20 கோடிதானே? அவசரப்படக் கூடாது. வாங்கியவர் அதிகாரத்துக்கும் சேர்த்துக் கொடுத்த விலை அது; அதிகாரமில்லாத பங்கு 18 கோடிதான் பெறும் என்று மதிப்பீட்டாளர் சொல்லலாம். அப்போது நற்பெயர் 28 கோடி. இந்தத் தொகையை ஆண்டுதோறும் தேய்மானம் போடுவதில்லை. மதிப்பு குறைந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். வாங்கிய கம்பெனியின் தனிக் கணக்கிலோ நற்பெயரே இருக்காது, 80 கோடி முதலீடு மட்டும்.