ஆயிரத்தால் பெருக்கிய வரி

மென்பொருள் குழுக்களில் ஒருவர் எழுதிய நிரல் நேரே புழக்கத்துக்குப் போவதில்லை. மாற்றிய வரிகளை அவர் ‘புல் ரிக்வெஸ்ட்’டாக அனுப்புவார், சக ஊழியர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அவை சேரும். அந்த மாற்றம் ஒரு கணக்கைத் தொட்டால், படிப்பவர் எங்கே கண் வைக்க வேண்டும்?

ஒருவர் மறுபடி கடவுச்சொல் கொடுக்காமல் எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்று கணக்கிடும் ஜாவா நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதுவரை நொடியில் இருந்த விடை இப்போது மில்லி நொடிக்கு மாறுகிறது:

```diff
- long ttl = days * 24 * 60 * 60;
+ long ttl = days * 24 * 60 * 60 * 1000;
```

இதில் `days` என்பது `int` வகை. அதில் சுமார் 214 கோடி வரைதான் அடங்கும். விடையை வாங்கும் `ttl` பெரிய எண்களைத் தாங்கும் `long` வகை என்பதால் பயமில்லை என்று தோன்றும். ஆனால் பெருக்கல் முழுவதும் `int` ஆகவே நடந்து முடிகிறது. அதன் பிறகே விடை `long`-க்குப் போகிறது. 24 நாளுக்கு 207 கோடி, அடங்கிவிடும். 25 நாளுக்கு 216 கோடி, அடங்காது. ஜாவா எந்தப் பிழையும் காட்டாமல் எண்ணைச் சுற்றிவிடும். 30 நாள் கேட்டால் மைனஸ் 170 கோடி வரும்.

மைனஸ் வந்தால் யாராவது கவனித்துவிடுவார்கள். 50 நாள் கேட்டால் வருவதோ 2,50,32,704 என்ற நேர் எண். ஏழு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பார்வைக்கு அது சரியான விடை போலவே இருக்கும். பழைய வரியில் இதே வரம்பு 68 ஆண்டுக்கு அப்பால் இருந்தது. அலகை மாற்றியதுதான் அதை 24 நாளுக்கு இழுத்து வந்தது. தீர்வு எளிது: `24` என்பதை `24L` என்று எழுதினால் முதல் பெருக்கலிலிருந்தே கணக்கு `long` ஆகிவிடும்.

இரண்டாவது தவறு இந்த வரிகளில் தெரியவே தெரியாது. புல் ரிக்வெஸ்ட் மாறிய வரிகளையும் அவற்றை ஒட்டிய சில வரிகளையுமே காட்டும். இந்த விடையை வாங்கி, நொடி என்று நம்பிப் பயன்படுத்தும் இன்னொரு கோப்பு மாறாமல் இருந்தால், 7 நாள் அனுமதி 7,000 நாளாகிவிடும். கிட்டத்தட்ட 19 ஆண்டு. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்ததும் இத்தகைய இடைவெளியில்தான். உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்தது. வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு.

ஆகவே ரிவ்யூ செய்பவர் இரண்டு கேட்க வேண்டும். ஒன்று, விடை தரும் ஃபங்ஷனின் பெயரிலேயே அலகு இருக்கட்டும்: `ttlMillis`. பெயர் மாறினால், பழைய பெயரில் அழைக்கும் இடங்களைக் கம்பைலரே பிடித்துக்கொடுக்கும்; அங்கெல்லாம் அலகைச் சரிபார்க்கலாம். இரண்டு, 7 நாளுக்கு மட்டும் டெஸ்ட் எழுதினால் போதாது. 24, 25, 50 நாளுக்கும் எழுத வேண்டும். மேலே உள்ள புதிய வரி 7-இலும் 24-இலும் தேறும், 25-இல் தோற்கும்.