"வா கண்ணு, வா!"

சேலத்தை அடுத்த காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கே வந்து போவது உள்நாட்டு விமானங்கள்தான். சிங்கப்பூரிலிருந்து வரும் பிள்ளையை அழைத்துவர, நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் திருச்சிக்குப் போகின்றன. சுமார் 90 கிலோமீட்டர் தூரம். தாய், தகப்பன், மனைவி, குழந்தை, மாமா என்று எல்லாரும் ஒரே காரில் ஏறிக்கொள்வார்கள்.

விமானம் இறங்கியதும் ஆள் வந்துவிட மாட்டார். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பெட்டி வந்து சேர வேண்டும். சுங்கக்காரர்களைத் தாண்ட வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகும். அதுவரை வெளியே, தடுப்புக்குப் பின்னால், கால் கடுக்க நிற்க வேண்டியதுதான்.

கதவு திறக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு மகன் வருகிறான். போய் நான்கு வருஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வாய் திறப்பவள் தாய். "வா கண்ணு, வா!" என்கிறாள். ஒரு 'வா' போதாது. அது ஏனோதானோ என்று கூப்பிட்டதுபோல் ஆகிவிடும். அடுத்த வார்த்தை, "என்ன சாமி, இப்படி இளைச்சுட்டே?" மகன் தொப்பை போட்டு வந்தாலும் இதே கேள்விதான்! பதில் சொல்லத் தேவையில்லை. அவன் கன்னத்தை இரு கைகளாலும் வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து மடக்குகிறாள். சடசடவென்று நெட்டி முறிகிறது. அத்தனை கண்ணேறு கழிந்தது என்பது அவள் கணக்கு. ஆரத்தி பிறகு, வீட்டு வாசலில்.

தகப்பன் "பெட்டி இவ்வளவுதானா?" என்று கேட்டு வண்டியைப் பிடுங்கிக்கொள்கிறார். அவர் கட்டித் தழுவுவது அவ்வளவுதான்.

மனைவி ஓர் அடி பின்னால் நிற்கிறாள். "வாங்க" என்ற ஒரே சொல். மாமனார் மாமியார் எதிரில் தொட்டுப் பேசும் வழக்கமில்லை. ஆனால் அவன் தோள்பையை வாங்கிக்கொள்கிறாள். கார் வரும்வரை அதை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

சங்கடமெல்லாம் குழந்தையிடம்தான். தகப்பன் போகும்போது அதற்கு ஒரு வயது, இப்போது ஐந்து. தினமும் போனில் பார்த்த முகம்தான். ஆனால் போனில் அப்பா உள்ளங்கை அளவு. இங்கே ஆறடி ஆள் கையை நீட்டுகிறார்! குழந்தை தாயின் சேலைக்குள் ஒளிகிறது. "அப்பாடா, போ!" என்று பாட்டி தள்ளுகிறாள். அவன் சட்டென்று தூக்கினால் 'வீல்' என்று ஓர் அழுகை. தகப்பன் முகம் வாடிப்போகிறது.

விவரம் தெரிந்தவன் தூக்குவதில்லை. குந்தி உட்கார்ந்து, குழந்தையின் உயரத்துக்கு வருகிறான். "வண்டி தள்ளுறியா?" என்று கேட்கிறான். குழந்தை முதலில் வண்டியிடம் வருகிறது. தகப்பனிடம் வர இன்னும் ஓர் இரவு ஆகலாம். பொறுக்கத்தான் வேண்டும்.

கூட வந்த மாமாவுக்குப் பொறுமை ஏது? "லீவு எத்தனை நாள், மாப்ளே?" என்று வாசலிலேயே ஆரம்பிக்கிறார்.

தாய்க்கு வருகிறது கோபம். "ஏனுங்கண்ணா, வந்த புள்ளையை மொதல்ல வூடு வந்து சேர வுடுங்க!"