குருதி கூறும் காலக்கணக்கு

பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் ஒட்டன்சத்திரம். காய்கறிச் சந்தையால் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றிலும் முருங்கைத் தோட்டங்களும் மக்காச்சோளக் கொல்லைகளும் பரந்து கிடக்கின்றன. கொல்லைகளின் வரப்புகளிலும் மலைச்சரிவின் ஓரங்களிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் புல்லும் புதரும் அடர்ந்து வளரும். இத்தகைய புதரோர நிலங்களில் வாழும் ஒருவகை நுண்சிலந்தியின் இளவுயிரி மனிதரைக் கடிப்பதால் பரவுவது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். மக்கள் இதனை உண்ணிக் காய்ச்சல் என வழங்குகின்றனர். மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி இதற்குக் காரணமன்று; கண்ணுக்கு எளிதில் புலப்படாத, அதனினும் மிகச் சிறிய உயிரியே காரணம். அதன் வழியாக உடலுக்குள் புகும் நுண்ணுயிரி ஓரியன்ஷியா சுட்சுகமுஷி எனப்படும்.

தமிழகத்தில் இந்நோய் புதிதன்று. ஆயினும் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் இருந்தது. 2001ஆம் ஆண்டின் இறுதி முதல் 2002ஆம் ஆண்டின் தொடக்கம் வரையிலான குளிர்மாதங்களில் கண்டறியப்பட்ட நோயாளிகளைப் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வறிக்கைக்குப் பிறகே, தென்னிந்திய மருத்துவர் பலர் இதனைத் தேடிப் பார்க்கத் தொடங்கினர். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்பொருக்கு தோன்றினால் நோயை எளிதில் அறியலாம். ஆனால் அஃது எல்லாரிடத்தும் தோன்றுவதில்லை. தோன்றினாலும் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மறைந்திருக்கும். எனவே குருதியில் எதிர்ப்பொருளைத் தேடும் ஆய்வு இன்றியமையாததாகிறது. அவ்வாய்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

முந்தி வருவதும் பிந்தி நிலைப்பதும்

நோய்க்கிருமி உடலினுள் நுழைந்ததும் அதன் புறப்புரதத்தைப் பி செல்கள் அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றன. முதலில் வெளிப்படுவது ஐஜிஎம் வகை. இது இரண்டு கைகளையுடைய ஐந்து அலகுகள் ஒன்றாகப் பிணைந்த பெரிய மூலக்கூறு. பத்து இடங்களில் கிருமியைப் பற்றும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பிடியும் தளர்வானதே; எண்ணிக்கை அத்தளர்வை ஈடு செய்கிறது. சில நாள்கள் கழித்து அதே பி செல் மரபின் ஒரு பகுதி, கிருமியைப் பற்றும் முனையைக் கைவிடாமல் அடிப்பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு ஐஜிஜி வகையை உண்டாக்கத் தொடங்குகிறது. இஃது ஒற்றை அலகு. இரண்டு கைகளே உடையது. ஆனால் நாளடைவில் இதன் பிடி இறுகும். குருதியில் ஐஜிஎம் மூலக்கூறுகளுள் பாதி ஏறத்தாழ ஐந்து நாள்களில் அழிந்துவிடும். ஐஜிஜி பாதியாகக் குறைய மூன்று வாரம் ஆகும். அதன் உற்பத்தியும் ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும்.

இதிலிருந்து ஓர் எளிய விதியைப் பலரும் மனப்பாடம் செய்துகொள்கின்றனர்: ஐஜிஎம் இருந்தால் நோய் புதிது, ஐஜிஜி மட்டும் இருந்தால் நோய் பழையது. விதி தவறன்று. ஆனால் அது ஒரு முதற்படிதான். அதனையே முடிவாகக் கொள்பவர் இரு திசைகளிலும் இடறுவர். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம்.

மூன்றாம் நாளும் ஒன்பதாம் நாளும்

மக்காச்சோள அறுவடைக்குச் சென்ற உழவர் பெண் ஒருவரை நவம்பர் 1 அன்று நுண்சிலந்தி கடித்தது எனக் கொள்வோம். கடித்தது அவருக்குத் தெரியாது. கிருமி உள்ளே பெருகப் பத்து நாள் ஆகிறது. நவம்பர் 11 அன்று காய்ச்சல் தொடங்குகிறது. 13ஆம் நாள் அவர் மருத்துவமனைக்கு வருகிறார். குருதி எடுக்கப்பட்டு எலைசா முறையில் ஆராயப்படுகிறது.

எலைசா தட்டில் 96 சிறு குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் கிருமியின் புரதம் பூசப்பட்டிருக்கும். நோயாளியின் குருதித்தெளிவை நூறு மடங்கு நீர்த்து அதில் இடுவர். அப்புரதத்திற்குரிய எதிர்ப்பொருள் இருந்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டாதவை கழுவப்படும். அடுத்து, மனித ஐஜிஎம்மை மட்டும் பற்றும் மற்றோர் எதிர்ப்பொருளை, நிறம் உண்டாக்கும் நொதியுடன் இணைத்து இடுவர். மீண்டும் கழுவியபின் நிறப்பொருளைச் சேர்த்தால், ஐஜிஎம் ஒட்டியுள்ள குழியில் நீலம் தோன்றும். அமிலம் சேர்த்து வினையை நிறுத்தும்போது நீலம் மஞ்சளாகும். அம்மஞ்சளின் அடர்த்தியை 450 நானோமீட்டர் ஒளியில் அளந்து ஓர் எண்ணாகத் தருவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 0.5க்கு மேற்பட்ட ஒளியடர்த்தியை நேர்முடிவாகக் கொள்கிறது.

நம் நோயாளிக்கு 13ஆம் நாள் கிடைத்த எண் 0.2. எதிர்முடிவு. இதனை நம்பி அவரை வீட்டுக்கு அனுப்பினால் நேரக்கூடியது யாது? கிருமி குருதிக்குழாய்களின் உட்சுவரைத் தாக்கும் இயல்புடையது. இரண்டாம் வாரத்தில் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் மூளையிலும் பாதிப்பு வெளிப்படலாம். ஆய்வு பொய்த்துவிட்டதா எனின், இல்லை. அன்று அவர் குருதியில் அளவிடத்தக்க ஐஜிஎம் உண்மையிலேயே இல்லை. இந்நோயில் அது பெரும்பாலும் காய்ச்சலின் முதல் வார இறுதியில்தான் தென்படும். காய்ச்சலின் ஒன்பதாம் நாளாகிய நவம்பர் 19 அன்று எடுத்த குருதியில் எண் 1.8 எனத் தெளிவாக உயர்கிறது. ஐஜிஜி அதற்கும் சில நாள் பின்னரே மேலெழுகிறது. ஆகவே ஆய்வுச்சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் "காய்ச்சலின் எத்தனையாவது நாள்" என எழுதப்படாவிடில், அச்சீட்டு பாதிச் செய்தியையே தருகிறது. முதல் சில நாள்களில் கரும்பொருக்கிலிருந்து சிறிது எடுத்துக் கிருமியின் மரபுப்பொருளையே தேடும் பிசிஆர் ஆய்வு பயன்படும். ஐயம் வலுவாக இருப்பின் முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்குவதே மருத்துவ வழக்கம். பெரும்பாலும் இரண்டு நாள்களில் காய்ச்சல் தணியும்.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. ஓரியன்ஷியாவில் பல உள்வகைகள் இருப்பதால், ஒருமுறை வந்தவருக்கு இந்நோய் மீண்டும் வரலாம். அவ்வாறு வரும்போது நினைவுச் செல்கள் விரைந்து எழுவதால் ஐஜிஜி முதல் சில நாள்களிலேயே மிகுந்துவிடும். ஐஜிஎம் குறைவாகவோ தோன்றாமலோ போகலாம். அப்போது "ஐஜிஜி மட்டும் இருந்தால் பழைய நோய்" என்னும் விதி தலைகீழாகிறது. டெங்குவின் இரண்டாம் தொற்றிலும் இதே நிலை காணப்படும்.

இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றுதல்

அப்பெண்ணின் மாமியாருக்கு அறுபது வயது. விரல் மூட்டுகளில் நெடுநாள் வீக்கமும் வலியும் உடையவர். அவருக்கும் அதே வாரத்தில் காய்ச்சல் வருகிறது. ஐஜிஎம் ஆய்வின் எண் 0.9. நேர்முடிவு. வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு நோய் இருப்பதால் எவரும் ஐயுறவில்லை. ஆனால் மூன்று நாள் டாக்சிசைக்ளின் கொடுத்தும் காய்ச்சல் தணியவில்லை. உண்மையில் அவருக்கு இருந்தது சிறுநீர்த்தொற்று.

எண் எவ்வாறு உயர்ந்தது? மாமியாருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் உண்ணிக் காய்ச்சல் வந்து சென்றிருக்கிறது. அதன் ஐஜிஜி இன்னும் குருதியில் உள்ளது. குழியின் அடியிலுள்ள கிருமிப்புரதத்தை அந்த ஐஜிஜி பற்றிக்கொள்கிறது. இதுவரை பிழையில்லை; அடுத்து இடப்படுவது ஐஜிஎம்மை மட்டும் தேடுவதால் ஐஜிஜி கணக்கில் வராது. ஆனால் முடக்குவாதம் உடையோர் பலரின் குருதியில் ரூமட்டாய்டு காரணி என்னும் பொருள் உண்டு. அது தம் உடலின் ஐஜிஜியையே பற்றும் எதிர்ப்பொருள். பெரும்பாலும் ஐஜிஎம் வகையைச் சார்ந்தது. குழியில் ஒட்டியிருக்கும் பழைய ஐஜிஜியின் மேல் இது வந்து அமர்கிறது. ஐஜிஎம்மைத் தேடி வந்த நொதி, கிருமிக்கு எதிரான ஐஜிஎம்மா ஐஜிஜிக்கு எதிரான ஐஜிஎம்மா என்று வினவுவதில்லை. கண்டதைப் பற்றி நிறம் காட்டுகிறது.

இதனைக் கண்டறியும் வழி எளிது. குருதித்தெளிவிலுள்ள ஐஜிஜியை முன்னரே பற்றி அகற்றும் நீர்மத்தில் கலந்து மீண்டும் ஆராய்ந்தால், ஒட்டுவதற்கு ஐஜிஜி இன்மையால் ரூமட்டாய்டு காரணியும் ஒட்டாது. மாமியாரின் எண் 0.2க்கு இறங்குகிறது. உண்மை ஐஜிஎம் இருந்திருந்தால் எண் இறங்கியிராது.

பிழைக்கு வேறு காரணங்களும் உள. சில தொற்றுகள் பி செல்களைக் கண்மூடித்தனமாகத் தூண்டி, தொடர்பற்ற ஐஜிஎம்களையும் பெருக்கும், மலேரியா அத்தகையது. சென்ற ஆண்டு நோயுற்றவரிடம் ஐஜிஎம் பல மாதங்கள் எஞ்சி நின்று, இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் போலத் தோற்றமளிக்கும். நோய் மிகுந்த பகுதிகளில் நலமாக உள்ளோரிடமும் சிறிதளவு எதிர்ப்பொருள் இருப்பதால், 0.5 என்னும் எல்லையை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்துதல் தகாது. அவ்வூரில் நலமுள்ளோரின் குருதியை அளந்து எல்லையை வகுப்பதே முறை.

பருவமும் எண்ணும்

ஆய்வு மாறாதிருப்பினும் பருவம் மாறினால் முடிவின் பொருள் மாறும். கணக்கிற்காக, நோயுற்ற நூற்றுவருள் தொண்ணூற்றுவரைச் சரியாகக் காட்டி, நோயற்ற நூற்றுவருள் ஐவரைத் தவறாகக் காட்டும் ஓர் ஆய்வைக் கொள்வோம். மார்கழியில் காய்ச்சலோடு வரும் 1000 பேருள் 300 பேருக்கு உண்ணிக் காய்ச்சல் இருப்பின், உண்மை நேர்முடிவுகள் 270. பொய் நேர்முடிவுகள் 35. ஒன்பதில் ஒன்றே பொய். சித்திரையில் அதே 1000 பேருள் 20 பேருக்கே அந்நோய் இருப்பின், உண்மை 18, பொய் 49. இப்போது நான்கில் மூன்று பொய். அட்டையும் நீர்மமும் அவையே. மாறியது நோயின் மிகுதி மட்டுமே. எனவே கோடையில் கிடைக்கும் நேர்முடிவை ஏற்குமுன் டைபாய்டு, மலேரியா முதலியவற்றையும் தேடிப் பார்த்தல் வேண்டும்.

ஐயத்தை முற்றிலும் தீர்க்கவல்லது இரட்டைக் குருதி ஆய்வாகும். காய்ச்சலோடு வந்த நாளில் ஒருமுறையும் இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் குருதி எடுத்து இரண்டையும் ஒன்றாக ஆராய்வர். முதற்குருதியை 64 மடங்கு வரை நீர்த்தாலே எதிர்ப்பொருள் தென்பட்டு, இரண்டாவதில் 256 மடங்கு நீர்த்த பின்னும் தென்பட்டால், நான்கு மடங்கு உயர்ந்துள்ளது எனப் பொருள், நோய் புதிதே. பழைய ஐஜிஜி அவ்வாறு உயராது. ரூமட்டாய்டு காரணியும் இரு வாரத்தில் அத்துணை மாறாது. குறை ஒன்றே: முடிவு வரும்போது நோயாளி குணமடைந்து கொல்லைக்குத் திரும்பியிருப்பார். தொடக்கத்திலேயே மருந்து உட்கொண்டவரிடம் எதிர்ப்பொருள் மெல்ல உயர்வதால், இரண்டாம் குருதியைச் சற்றுத் தாழ்த்தி எடுக்க வேண்டியும் வரும்.