கூச்சமா இருக்கு என்று மட்டும் எழுதுகிறவர்

பெண்கள் நலம், பாலியல் நலம், மனநலம் பற்றி வாட்ஸ்அப்பில் ஆலோசனை சொல்லும் இடங்களுக்கு ஒருவகைச் செய்தி வருவதுண்டு. "மேடம், ஒண்ணு கேக்கணும். ஆனா கேக்கவே கூச்சமா இருக்கு." அதோடு சரி. பெயர், வயது, ஊர் எதுவும் இருக்காது. கேள்வியும் இருக்காது. பார்ப்பதற்கு ஒன்றுமே சொல்லாத செய்திபோல் தெரிந்தாலும், எழுதியவர் பாதித் தூரம் வந்துவிட்டார். சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டார். அதற்கான சொல்தான் இன்னும் கிடைக்கவில்லை.

இதற்கு வழக்கமாகப் போகும் பதில் "தயங்காம கேளுங்க". நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், எந்தச் சுமையைத் தூக்க முடியவில்லை என்று அவர் எழுதினாரோ, அதே சுமையை அது அவர் தலையிலேயே திருப்பி வைத்துவிடுகிறது. "இதுல கூச்சப்பட என்ன இருக்கு?" என்ற பதில் இன்னும் மோசம். விஷயம் என்னவென்று தெரியாமலே அது சின்ன விஷயம் என்று தீர்ப்புச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. இரண்டு பதிலுக்குப் பிறகும் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் மௌனம்தான்.

கூச்சப்படுகிறவரிடம் எப்படிக் கேட்பது என்பதை ஒரு தொழில்நுணுக்கமாகவே யோசித்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்ஸி. 1948இலும் 1953இலும் வெளிவந்த அவருடைய பாலியல் ஆய்வு நூல்களுக்காக ஆயிரக்கணக்கானவர்களை நேரில் பேட்டி கண்டார்கள். அந்தப் பேட்டிகளில் "இப்படிச் செய்ததுண்டா?" என்று கேட்பதில்லை. எல்லோரும் செய்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு, "முதலில் எந்த வயதில்?" என்றே கேட்பார்கள். ஒப்புக்கொள்ளும் வேலை பதில் சொல்பவருக்கு இல்லாமல் போனது. எதிரே இருப்பவர் எதையும் சொல்ல வைக்கும் முறை என்று இதைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆய்வு முறையாக அது விவாதத்துக்கு உரியதுதான். ஆனாலும், கூச்சமான சொல்லை முதலில் கேட்பவரே சொல்லிவிட வேண்டும் என்ற பாடம் ஆலோசகர்களுக்கு இன்றும் உதவுகிறது.

அப்படியானால் முதல் பதில் எப்படி இருக்கலாம்? ஒரு மாதிரி: "எழுதினதுக்கு நன்றி. முழுசா சொல்லணும்னு இல்ல. உடம்பு சம்பந்தப்பட்டதுன்னா 1, மனசு சம்பந்தப்பட்டதுன்னா 2, வீட்லயோ வெளியிலயோ யாராவது தொந்தரவு பண்றாங்கன்னா 3னு மட்டும் அனுப்புங்க. நேத்து, இன்னைக்கு நடந்ததுன்னா அதையும் சொல்லுங்க. இத ஆலோசகரா நான் மட்டும்தான் படிக்கிறேன்." கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டுமே அதை எழுத வேண்டும். மூன்று பேர் முறைவைத்துப் பார்க்கும் எண் என்றால் அதையே சொல்லிவிடுவது நல்லது.

'நேத்து, இன்னைக்கு' என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. கருத்தரிப்பைத் தவிர்க்கும் அவசர மாத்திரைகளில் பரவலாகக் கிடைக்கும் வகையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் எடுக்கும் தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். மூன்று நாள் யோசித்துவிட்டு நாலாம் நாள் கேட்பவருக்கு இந்த வழிகள் மூடிப்போயிருக்கும். அதனால்தான் கூச்சத்துக்கு அவகாசம் கொடுக்கும்போதே அவசரமா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மேலே சொன்ன செய்தியை அனுப்பியவர் ஆறு மாதக் குழந்தையின் தாய் என்று வைத்துக்கொள்வோம். '1' என்று பதில் வருகிறது. ஆலோசகர் அடுத்தும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும்படியே கேட்கிறார்: "மாதவிடாயா, வெள்ளைப்படுதலா, ஒண்ணுக்குப் போறதுல சிரமமா, கணவன் மனைவி உறவுலயா?" 'வெள்ளைப்படுதல்', 'ஒண்ணுக்கு' ஆகிய சொற்களை அவரே எழுதிவிட்டதால், எதிர்ப்பக்கத்துக்கும் அவை எழுதக்கூடிய சொற்களாகிவிடுகின்றன. இங்கே மருத்துவக் கலைச்சொல் மட்டும் போட்டால் புரியாது. ரொம்பக் கொச்சையாகப் போனால் முகம் சுளிக்கும். வீட்டில் அம்மாவிடம் சொல்லும் சொல்லே போதும்.

பதில் உடனே வராமலும் போகலாம். ஒரே கைப்பேசியைக் குடும்பமே பயன்படுத்தும் வீடுகள் நிறைய. மாமியார் கையில் போன் இருக்கும் நேரத்தில் திரையில் "உங்க வெள்ளைப்படுதல் பத்தி" என்று ஒரு வரி மின்னினால் எல்லாம் கெட்டது. ஆகவே நினைவூட்டல் அனுப்புவதானால் மறுநாள் ஒருமுறை, அதுவும் "எப்ப வசதியோ அப்ப எழுதுங்க" என்ற அளவில்தான்.

இரவு ஒன்பதரைக்குப் பதில் வருகிறது: "என் ஃபிரெண்டுக்கு இருமினா, தும்மினா ஒண்ணுக்கு லேசா வந்துடுது." தோழியா, இவரா என்று துருவக் கூடாது. தோழி என்பது அவர் பிடித்துக்கொண்டிருக்கும் திரை. அதை விலக்குவதால் ஆலோசகருக்கு ஒரு பயனும் இல்லை. பதிலையும் தோழிக்கே சொல்லலாம்: "பிரசவத்துக்கு அப்புறம் ஏறக்குறைய மூணு பேர்ல ஒருத்தருக்கு இது வரும். சிறுநீர்ப்பையைத் தாங்குற இடுப்படித் தசை தளர்ந்துபோறதால வருது." இந்தக் கணக்கைக் கேட்டதும் பலருக்குத் திரை தேவைப்படாமல் போய்விடும். அடுத்த செய்தியில் "எனக்குத்தான் மேடம்" என்று வந்தால், அதைக் கண்டுகொள்ளாததுபோல் மேலே பேசிக்கொண்டு போவதுதான் நாகரிகம்.

இனிமேல்தான் தகவல். சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கி, சில நொடி பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். வயிற்றையும் தொடையையும் இறுக்கினால் தவறான தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். சிறுநீர் கழிக்கும்போதே பாதியில் நிறுத்திப் பழகுவதும் சரியல்ல. எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், அடியில் ஏதோ இறங்கியதுபோன்ற உணர்வு இருந்தால் பயிற்சிக்குக் காத்திராமல் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவர் முன்னாலும் இதே கூச்சம் வரும் என்பதால், அங்கே காட்டும்படி ஒரு வரியை ஆலோசகரே எழுதித் தந்துவிடலாம்: "பிரசவத்துக்குப் பிறகு இருமும்போது சிறுநீர் கசிகிறது."

அவர் '3' என்று அனுப்பியிருந்தால் பாதையே வேறு. எழுதுகிறவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், பாலியல் வன்முறை பற்றித் தெரிய வருவதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து விவரத்தை வாங்கிய பிறகு இதைச் சொன்னால், அந்தப் பிள்ளை மறுபடி யாரிடமும் வாய் திறக்காது. ஆகவே வயதை முதலிலேயே கேட்டுவிட்டு, எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதை விவரம் வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அப்போதே கொடுத்துவிடலாம்.

'2' என்று வந்து, பேச்சில் "இருந்து என்ன பிரயோசனம்" என்பதுபோன்ற வரி தலைகாட்டினால், சுற்றி வளைக்காமல் "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைப் புதிதாக விதைப்பதில்லை என்பது தற்கொலைத் தடுப்பில் வேலை செய்பவர்கள் அறிந்த விஷயம். ஆம் என்றால் எழுத்தை விட்டுவிட்டுக் குரலுக்கு மாற வேண்டும். டெலி மானஸ் எண் 14416 இரவிலும் எடுக்கும். பேச மாட்டேன் என்கிறவரை வற்புறுத்தி அழைக்காமல், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர் வரும்வரை எழுத்திலேயே உடன் இருக்கலாம்.