காணாத மயிலையும் எண்ணுவது எப்படி?

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடங்கள் விலங்குகள் எண்ணப்பட்டன. வயல், வீட்டு வளவு, பாடசாலை என்று அவரவர் நின்ற இடத்தில் கண்ணில்பட்ட குரங்கு, மந்தி, மலை அணில், மயில் ஆகியவற்றை மக்கள் படிவத்தில் குறித்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில் முடிவு வந்தது: 50 இலட்சத்துக்கும் அதிகமான குரங்குகள், 40 இலட்சத்துக்கும் அதிகமான மயில்கள்.

மீள்குடியேறிய பிறகு துப்புரவாக்கிய காணியில் கச்சானும் உழுந்தும் விதைத்துவிட்டு, விடியற்காலையில் மயிலைக் கலைக்கும் வன்னி விவசாயிக்கு இந்த எண் முக்கியமானது. நட்டஈடு, வேலி, விலங்குகளைக் கட்டுப்படுத்துவதா வேண்டாமா என்ற முடிவு எல்லாம் இதன் மேல்தான் கட்டப்படும். அதனால்தான் இதற்கு மாற்றாக ஆய்வாளர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

நின்ற இடத்தில் கண்டதை எண்ணுவதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. பற்றைக்குள் நின்ற மயில் கணக்கில் வராது. அதே நேரம், எனது வளவிலும் அடுத்த வளவிலும் தெரிந்த ஒரே மயில் இரண்டாகிவிடும். ஒன்று எண்ணைக் குறைக்கிறது, மற்றது கூட்டுகிறது. எது எவ்வளவு என்று அந்தப் படிவத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. ஏனென்றால், கண்ட விலங்கு எவ்வளவு தூரத்தில் நின்றது என்பது அதில் இல்லை.

தூரம் சொல்லும் கதை

விலங்கியல் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கோட்டுவழிக் கணக்கெடுப்பு இந்தத் தூரத்தைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. ஆய்வுப் பகுதியின் வரைபடத்தில் நேர்கோடுகளை எழுமாறாக இடுவார்கள். அந்தக் கோடுகள் வழியே மெதுவாக நடந்து, விலங்கைக் காணும்போது அது கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரத்தில் நின்றது என்று எழுதுவார்கள். அதற்காக விலங்கை நோக்கி நடக்கத் தேவையில்லை. தூரமானியால் விலங்குவரை உள்ள தூரத்தையும், திசைகாட்டியால் கோணத்தையும் அளந்தால் போதும். 40 மீற்றரில், நடக்கும் கோட்டுக்கு 30 பாகை கோணத்தில் ஒரு மயில் நின்றால், 40ஐ சைன் 30 ஆல் பெருக்க 20 மீற்றர் வரும். அதுவே செங்குத்துத் தூரம்.

இனித்தான் முக்கியமான விடயம். கோடு எழுமாறாக இடப்பட்டிருந்தால், கோட்டுக்கு அருகில் விலங்குகள் அதிகமாகவோ தொலைவில் குறைவாகவோ நிற்பதற்குக் காரணம் இல்லை. முதல் 10 மீற்றரில் எத்தனை நின்றனவோ, 30 முதல் 40 மீற்றர் வரையிலான பட்டியிலும் ஏறக்குறைய அத்தனை நின்றிருக்க வேண்டும். ஆனால் பதிவேட்டில் அருகே அதிகமாகவும் தொலைவில் குறைவாகவும் இருக்கும். அந்தக் குறைவு விலங்கு இல்லாததால் வந்ததல்ல, நமது கண்ணுக்குத் தப்பியதால் வந்தது. ஆகவே, தூரம் கூடக்கூட எண்ணிக்கை எப்படிச் சரிகிறது என்று ஒரு வளைகோடு வரைந்தால், எத்தனை தப்பின என்பதை அந்தக் கோடே சொல்லும். இதற்குப் பெயர் கண்டறிதல் சார்பு. கோட்டின் மேல் அதன் மதிப்பு 1, அதாவது அங்கே நிற்கும் எதுவும் தப்பாது. விலகிப் போகப்போக அது பூச்சியத்தை நோக்கி இறங்கும்.

150 மரமுளைகள்

இது உண்மையில் வேலை செய்யுமா என்று அறிய, உண்மை எண்ணிக்கை முன்பே தெரிந்த இடத்தில் சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் 1978இல் அப்படி ஒரு சோதனை நடந்தது. பற்றைச்செடிகள் நிறைந்த வெளியில் 1,000 மீற்றர் கோடு ஒன்றை இட்டு, அதன் இருபுறமும் 20 மீற்றர் அகலத்துக்குள் 150 மரமுளைகளை நட்டார்கள். பரப்பு 4 ஹெக்டேயர். ஆகவே உண்மை அடர்த்தி ஹெக்டேயருக்கு 37.5 முளைகள்.

பலர் தனித்தனியே அந்தக் கோட்டில் நடந்தார்கள். அவர்களில் ஒருவர் கண்டது 68 முளைகள். முளைகள் ஓடுவதில்லை, ஒளிவதில்லை. அப்படியிருந்தும் பாதிக்கு மேல் தப்பிவிட்டன. 68ஐ 4ஆல் பிரித்தால் ஹெக்டேயருக்கு 17 மட்டுமே. இது உண்மையில் பாதிகூட இல்லை.

அவர் எழுதிய தூரங்களுக்கு வளைகோடு பொருத்தினால், பயனுறு அகலம் ஒருபக்கம் ஏறத்தாழ 9 மீற்றர் என்று வருகிறது. 9 மீற்றருக்குள் அவர் தவறவிட்டவையும், அதற்கு அப்பால் அவர் கண்டவையும் சமம் என்பதே இதன் பொருள். அதனால் இருபுறமும் 9 மீற்றர் அகலத்தை முழுமையாகப் பார்த்ததாகக் கொள்ளலாம். 1,000 மீற்றரை 18 மீற்றரால் பெருக்கினால் 1.8 ஹெக்டேயர். 68ஐ 1.8ஆல் பிரிக்க, ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 38. உண்மை 37.5. காணாத முளைகள், கண்ட முளைகளின் தூரத்தை வைத்தே கணக்குக்குள் வந்துவிட்டன.

மயில் முளையல்ல

விலங்கிடம் இந்த முறை சறுக்கும் இடங்கள் உண்டு. மயில் நம்மைக் கண்டதும் விலகி ஓடும். ஓடிய பிறகு அளந்தால் தூரம் கூடி, பயனுறு அகலம் விரிந்து, அடர்த்தி உண்மையை விடக் குறைவாக வரும். ஆகவே ஓடுமுன் அது முதலில் நின்ற இடத்தையே அளக்க வேண்டும். இந்தப் பிழையைப் பதிவேட்டிலேயே பிடிக்கலாம். கோட்டுக்கு மிக அருகில் எண்ணிக்கை குறைந்தும், சற்றுத் தள்ளி கூடியும் இருந்தால், நடப்பவரைக் கண்டு விலங்குகள் விலகியிருக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். அதேபோல 10, 20, 50 என்ற தூரங்களில் மட்டும் எண்கள் குவிந்திருந்தால், யாரோ அளக்காமல் கண்மதிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

கூட்டமாக நிற்கும் விலங்குகளில், கூட்டத்தின் நடுவுக்குத் தூரம் அளந்து, கூட்டத்தின் அளவைத் தனியே எழுதுவார்கள். பெரிய கூட்டம் தொலைவிலும் எளிதாகத் தெரியும், ஒற்றை மயில் தெரியாது. கண்ட கூட்டங்களின் சராசரியை அப்படியே எடுத்தால் விடை வீங்கிவிடும் என்பதால் அதையும் தூரத்துடன் ஒப்பிட்டுத் திருத்துவார்கள். நம்பத்தக்க வளைகோட்டுக்குக் குறைந்தது 60 முதல் 80 காட்சிகள் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெரிய சிக்கல் கோட்டை எங்கே இடுவது என்பதுதான். நடக்க வசதியான வீதியும் குளக்கட்டும் எழுமாறான கோடுகள் அல்ல. மயில் வெட்டையான வயலோரத்தையும் தெருவோரத்தையும் விரும்பி வரும். அங்கே மட்டும் எண்ணி, அந்த அடர்த்தியைக் காடு முழுவதற்கும் பெருக்கினால் இல்லாத மயில்கள் பிறக்கும். மறுபக்கம், கண்ணிவெடி அகற்றப்படாத இடத்தில் கோடு இருந்தாலும் யாரையும் நடக்கச் சொல்ல முடியாது. அந்த நிலத்தை ஆய்வுப் பகுதியிலிருந்து வெளிப்படையாக நீக்கி, விடை நடந்த பகுதிக்கு மட்டுமே பொருந்தும் என்று சொல்வதே நேர்மை. அங்கும் இதே அடர்த்தி என்று எண்ணிப் பெருக்க எந்தத் தரவும் கிடையாது.

அடுத்த முறை இத்தனை இலட்சம் என்று ஓர் எண் வெளியாகும்போது நான் கேட்கப்போகும் கேள்விகள் நான்கு. கோடுகள் எங்கே இடப்பட்டன? தூரம் அளக்கப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா? எத்தனை காட்சிகள்? விடை எத்தனைக்கும் எத்தனைக்கும் இடையில் இருக்கலாம்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒற்றை எண் மட்டும் வந்தால், அதை வைத்து ஒரு விவசாயியின் நட்டஈட்டையும் தீர்மானிக்க முடியாது, ஒரு மயிலின் விதியையும் தீர்மானிக்க முடியாது.