ஜெர்மனியில் முதல் மூன்று மாதம்: கையில் எவ்வளவு வேண்டும்?

மாதம் 2,900 யூரோ கைக்கு வரும் வேலை என்றால் கவலை இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஜெர்மனியில் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். செலவு விமானத்தை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிடும்.

தனியாகப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிரந்தர வீடு கிடைக்கும்வரை ஒரு மாதம் தற்காலிக அறை, 1,300 யூரோ. சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து 400. முதல் மாதம் 1,700 யூரோ ஊரிலிருந்து கொண்டுபோன பணத்திலிருந்தே போகும். அறை எடுக்கும்போதே, முகவரிப் பதிவுக்கு உரிமையாளர் கடிதம் தருவாரா என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பதிவு ஆனால்தான் வரி எண் வரும்.

இரண்டாம் மாதம்தான் இடி. பிடித்த வீட்டுக்கு அடிப்படை வாடகை 900, ஹீட்டிங், தண்ணீர் முதலியவற்றுக்கு 200. அட்வான்ஸ் அடிப்படை வாடகையில் மூன்று மடங்கு வரை கேட்கலாம், அதாவது 2,700. பல வீடுகளில் சமையலறை வெறும் சுவராகத்தான் இருக்கும். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் நாமே வாங்க வேண்டும். விளக்கு மாட்டும் இடத்தில் வயர் மட்டும் தொங்கும். காலி செய்து போகிறவரிடமே பழைய சமையலறையை வாங்குவது மலிவு. எப்படியும் 1,500 ஒதுக்குங்கள். கட்டில், மெத்தை, விளக்குக்கு 700.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் கைகொடுக்கிறது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 551-ஆம் பிரிவுப்படி அட்வான்ஸை மூன்று சம தவணைகளில் கட்டலாம். முதல் தவணை குடிபுகும்போது, மற்றவை அடுத்த இரண்டு மாத வாடகையோடு. ஒப்பந்தத்தில் 'மொத்தமாக' என்று எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. வீட்டுக்கு ஏகப் போட்டி இருப்பதால் கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பேசி வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

கணக்கு இப்படி வரும். வாடகை 1,100, முதல் தவணை 900, சமையலறையும் சாமான்களும் 2,200, அன்றாடச் செலவு 400, மொத்தம் 4,600. முதல் சம்பளத்தைக் கழித்தால் 1,700 துண்டு விழும். மூன்றாம் மாதம் செலவு 2,400 என்பதால் மூச்சு விடலாம். ஆக 3,400 யூரோ போதும். அட்வான்ஸை ஒரேயடியாகக் கட்டினால் இதுவே 5,200 ஆகிவிடும்.

சம்பளப் பட்டியல் முடிந்தபின் வேலையில் சேர்ந்தால் முதல் சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போகலாம். அப்போது தவணையில் கட்டினாலும் 6,300 தேவைப்படும். வரி எண் தாமதமானால் அதிக வரி பிடிக்கவும் கூடும். அது பின்னால் திரும்பி வரும் என்றாலும் அந்த மாதம் கை கடிக்கும்.

வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பவே கூடாது. 'வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று வரும் மின்னஞ்சல் மோசடிதான்.

கிளம்பும் முன் நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதல் சம்பளம் எந்தத் தேதியில் வரும்? குடிபெயர்வுச் செலவுக்கு முன்பணம் உண்டா?